உனக்கு மாத்தி யாரு?

ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார் கோவிந்தராசு. மேசையில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடியிருக்கிறார். தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொள்கிறார்.

"ஓடுது. ஆனா நிக்க வேண்டிய நேரத்துல நிக்க மாட்டுது. கதவு ரப்பரப் பாரு."

ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. நான் அதை மாற்றிய பிறகும் மறுநாள் காலை அதே இடத்தில் அதே கை இருந்தது. இது சந்தேகம் இல்லை, நலம் விசாரிப்பு. தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், பேருந்தின் எஞ்சின் மூடி என்று எதைக் கண்டாலும் அவருடைய புறங்கை முதலில் போய் வணக்கம் சொல்லும். உள்ளங்கை கூடாதாம். "உள்ளங்கை தடிச்சிப் போச்சு, அது பொய் சொல்லும். புறங்கை சொல்லாது."

அவருக்கு எண்பத்தெட்டு வயது. எனக்கு அறுபத்தேழு. அவர் என் அப்பா. குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எழுதும்போது மட்டும் அப்பா என்று வருகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஆளையும் பெயர், தகப்பன் பெயர், நான்கு எல்லை என்று எழுதியே பழக்கம். இந்த ஒரு மனிதரின் எல்லைகள் மட்டும் எனக்குச் சரியாகத் தெரியாமலே இருந்தன. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தன. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும், எப்போதும் ஈரமாக இருக்கும். காய்ந்தால் குழாயில் நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொள்வார். மழைக்காலத்திலும் இதேதான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு விநாடி நின்று மூக்கால் இழுத்துப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் இப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் சாம்பார் வாசனை பிடிக்கிறார் என்று நினைப்பார்கள். குளிர்ந்த தண்ணீர் குடிக்க மாட்டார். ஐஸ்கிரீம் கொடுத்தால் "அது வேலை" என்று தள்ளிவிடுவார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லோரும் "போய்ட்டு வரேன்" என்பார்கள். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "பாத்துட்டு வந்துடறேன்" என்பார். என்னவோ தெருமுனை வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் மாதிரி. சொல்வதற்கு முன் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார்.

இவை எல்லாவற்றையும்விட விசித்திரம் அவருடைய கேள்வி. வேலையில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் அதைக் கேட்பார். கண் சிகிச்சைக்காகக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். மருந்து விட வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு மாத்தி யாரும்மா?"

"இன்னா தாத்தா?"

"நீ சோறு திங்கப் போனா இந்த எடத்துல யாரு நிப்பாங்க?"

"ரெண்டு மணிக்கு மேனகா சிஸ்டர் வருவாங்க."

"வருவாங்களா? நிச்சயமா வருவாங்களா?"

"வந்துதான் ஆவணும் தாத்தா. இல்லன்னா நானே போய் இழுத்தாந்துடுவேன்."

அவருக்கு அவ்வளவு திருப்தி. வீடு வரும்வரை அந்த நர்ஸைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேருந்து ஓட்டுநர், கோயில் குருக்கள், டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் எல்லோருக்கும் இதே கேள்விதான். டீக்கடைக்காரர் ஒருமுறை, "எனக்கு மாத்தி எங்கப்பா ஆவிதான் வரணும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. "பாவம்" என்று உண்மையாகவே சொன்னார்.

அப்பா ஐஸ் கம்பெனியில் ஆப்ரேட்டராக இருந்தவர். எங்கள் தெருவின் கடல்பக்கக் கோடியில் இருக்கிறது அது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கட்டிய கட்டடம். வாலிபத்தில் ஐஸ் பார் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்து, மெஷின் அறைக்குள் போய், அறுபது வயதில் வெளியே வந்தார். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று சொல்லலாம். ஆனால் மெஷின் சத்தத்தில் கேட்காது.

மற்ற அப்பாக்கள் கடலுக்குப் போனவர்கள். அவர்கள் விடியுமுன் போய்ப் பகலில் கரை ஏறிவிடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் எங்கள் மணல் முழுக்க அப்பாக்களாக இருக்கும். வலை பிரிப்பார்கள், சீட்டாடுவார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள். கடலுக்குப் போகாத ஒரே ஆளான எங்கள் அப்பாவை மட்டும் அங்கே காண முடியாது. ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளித்துக் கட்டுமரம் எல்லாம் கரையில் கிடக்கும். அப்போது மற்ற அப்பாக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். எங்கள் அப்பா ஐஸ் தேவை குறைந்த அந்த நாட்களில்தான் மெஷினைப் பிரித்து மாட்டுவார். குளிர்விக்கும் குழாய்களில் படிந்த உப்புக் காறையைச் சுரண்டுவார். மீன் இருந்தால் ஐஸ் போட வேண்டும். மீன் இல்லாவிட்டால் மெஷினைப் பார்க்க வேண்டும்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வந்து இறங்கும்போது பிள்ளைகள் எல்லாம் அப்பா தோளில் ஏறி அலைக்குள் போவார்கள். நான் சித்தப்பா தோளில் போவேன். அன்றைக்கு ஊரில் விற்கும் சர்பத்துக்கும் மோருக்கும் எங்கள் கம்பெனி ஐஸ்தான்.

அம்மா தில்லையம்மாளுக்கு வாய் அதிகம். "உங்கப்பனுக்கு நான் ரெண்டாந்தாரம்டா. மூத்தவ அங்க பொகை வுட்டுக்கினு நிக்கிறா. அவளுக்கு ஒரு நா ஒடம்பு சரியில்லன்னா இவுரு நாலு நா சோறு திங்க மாட்டாரு" என்பாள். சொல்லிவிட்டுச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மூத்தவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். இப்போது அவள் இல்லை. அந்தக் கேலி மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அப்பா தினமும் காலையில் கம்பெனி வாசல் வரை நடந்து போவார். உள்ளே போக மாட்டார். வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புவார். கண்பார்வை மங்கியதிலிருந்து நானும் கூடப் போகிறேன். அன்றைக்கு வாசலில் செல்வகுமார் நின்றிருந்தான். இப்போதைய ஆப்ரேட்டர், நாற்பதைத் தாண்டியவன். கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாடா, மெஷின விட்டுட்டு வெளியில?" என்றார் அப்பா.

"புருஷோத்தமன உக்கார வெச்சிருக்கேன் தாத்தா. ரெண்டு நிமிஷம். எம் பொண்ணு வினோதா இன்னிக்கி ஓடுறா. உப்பளம் ஸ்டேடியத்துல ஆயிரத்து ஐநூறு மீட்டர். மாநில அளவு."

"நீ போவல?"

"எங்க போறது? இன்னொரு ஆப்ரேட்டருக்குக் காய்ச்சல், படுத்துக் கெடக்கறாரு. புருஷோத்தமன் பார் இழுப்பான், வால்வு தொட மாட்டான். அவளும் சொல்லிட்டா, 'நீ வர மாட்டப்பா, பரவால்ல'ன்னு."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்பா சிரிக்கவில்லை. ஈரத் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து உதறி மறுபடி போட்டார். எதிரே கொடியில் கிடந்த கைலியைப் பார்த்தார். கண் தெரியவில்லை போலும், என்னைக் கேட்டார்: "காத்து எப்படி?"

"வாடை, நைனா. வடக்கேருந்து."

"சரி. டேய் செல்வகுமார், உனக்கு மாத்தி நானு."

"தாத்தா, கண்ணு..."

"கண்ணுக்கு இவன் இருக்கான். ஆபீசுல முப்பத்தஞ்சி வருசம் எழுத்தப் பாத்த கண்ணு. காதுக்கு நான் இருக்கேன். நீ போ."

செல்வகுமார் முதலாளியம்மா ஹேமலதாவைப் போனில் கூப்பிட்டான். பக்கத்துத் தெருதான், வண்டியிலேயே வந்துவிட்டார். நல்ல விவரமானவர். அப்பாவை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"பெரியவரே, உங்க கையில குடுக்க எனக்குப் பயமில்ல. ஆனா ஒண்ணு. பனி, கொழாயில போட்டிருக்கிற அந்தச் செகப்புக் கோட்டத் தொட்டுதுன்னா சிவப்பு பட்டன அமுக்கிடணும். அப்பறம் செல்வகுமாரக் கூப்புடுங்க, எங்க இருந்தாலும் வருவான். வீரம் காட்டக் கூடாது. நான் ஆபீஸ்லதான் இருப்பேன்."

"வீரமா? முப்பது வருசமா பயந்துக்கினே வேலை செஞ்சவன்மா நானு" என்றார் அப்பா.

செல்வகுமார் பைக்கை உதைத்துக் கிளம்பினான். நான் வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவின் மெஷின் அறைக்குள், ஓடும் மெஷினுக்கு முன்னால், அவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன்.

ஐஸ் கம்பெனி எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் தெருவில் வளர்ந்தும் எனக்குத் தெரியாது. பெரிய தொட்டி முழுக்க உப்புத் தண்ணீர். உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை வரிசையாக இறக்கியிருப்பார்கள். ஒரு டப்பா ஒரு பார் ஆவதற்கு ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். தொட்டிக்குள் ஓடும் குழாயில் அமோனியா போகிறது. திரவமாகப் போய், தொட்டியின் சூட்டை வாங்கிக்கொண்டு, காற்றாக மாறி, கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி வெளியே தள்ளும். அது தண்ணீர் ஊற்றும் குழாய்களில் குளிர்ந்து மறுபடி திரவமாகும்.

இதில் ஆளுக்கு என்ன வேலை என்றால், அந்த ஒரு வால்வு. தொட்டிக்குள் எவ்வளவு திரவம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் கைவால்வு அது. புது மெஷின்களில் அது தானாகவே திறந்து மூடிக்கொள்ளுமாம். இங்கே ஆள்தான். குறைவாகத் திறந்தால் ஐஸ் பிடிக்காது. அதிகமாகத் திறந்தால் திரவம் முழுக்கக் காற்றாக மாறாமல் அப்படியே கம்ப்ரசருக்குள் போய்விடும். காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. மெஷின் உள்ளே அடிபடும், தலை வெடிக்கலாம், கேஸ் வெளியே வரலாம். அது வருகிறதா என்று காட்டுவது திரும்பி வரும் குழாயின் மேல் பிடிக்கும் வெண்பனி. அந்தப் பனி எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புது டப்பா இறக்கினால் பனி பின்னால் போகும், வால்வைத் திறக்க வேண்டும். தொட்டி குளிர்ந்துவிட்டால் பனி முன்னால் வரும், மூட வேண்டும்.

"எவ்ளோ நேரத்துக்கு ஒருதரம் பாக்கணும் நைனா?"

"ஒருதரமா? பாத்துக்கினே இருக்கணும்டா."

நான் பார்த்தேன். சுமார் ஏழடி நீளக் குழாய். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வரை பனி. பிறகு ஈரம். பிறகு கம்ப்ரசருக்கு ஒரு சாண் முன்னால் சிவப்புக் கோடு. கடற்கரையில் அலை எதுவரை வருகிறது என்று குழந்தை பார்ப்பதுபோல் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் குதூகலமாக இருந்தது. அப்பா பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது எழுந்துபோய்ச் சூடான குழாய்க்கு அருகே, தொடாமல், புறங்கையை நீட்டுவார். பேரிங் மேல் ஒரு கணம் வைப்பார். பிறகு உட்காருவார்.

"ஃபெர்மே, கொஞ்சம்" என்பார். மூடு என்று அர்த்தம். "உவேர்" என்றால் திற. முதல்முதலில் வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் பிரெஞ்சில்தான் சொல்வாராம். அந்த வால்வு போய் மூன்று வால்வு மாறிவிட்டது, அப்பா வாயில் அந்த இரண்டு சொற்கள் மாறவில்லை.

என் போன் அடித்தது. மகள் செந்தமிழ்ச்செல்வி. தவளக்குப்பத்திலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள்.

"எங்க இருக்கீங்கப்பா? இட்லி ஆறிக்கினு இருக்கு. பசங்க தாத்தா எங்கன்னு கேக்கறாங்க."

கண்ணைக் குழாயிலிருந்து எடுக்காமல் சொன்னேன்: "பாத்துட்டு வந்துடறேன்."

 அவள், "பேசறது யாரு? அப்பாவா, பெரிய தாத்தாவா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

போனைக் கீழே வைத்தேன். அப்பாவுக்கு இது கேட்டதா தெரியவில்லை. நான் கேட்டேன்: "நைனா, நீ கெளம்பறப்ப எதிர்வீட்டுத் துணியப் பாப்பியே, மழைக்கா?"

"மழைக்கு எதுக்குடா பாக்கணும்? காத்துக்கு. கொண்டல் அடிச்சா, கெழக்கேருந்து வர்றது, இங்கேருந்து கேஸு கசிஞ்சா நேரா நம்ம தெருவுக்குத்தான் போவும். வாடைன்னா தெக்கால வெத்து மணலுக்குப் போய்டும். கொண்டல் அன்னிக்கி நான் எழுந்திருக்கவே மாட்டேன். ஒவ்வொரு மூட்டுக்கும் கந்தகத் திரி கொளுத்திக் காட்டிக்கினே இருப்பேன். கேஸு இருந்தா வெள்ளப் பொகை வரும்."

"வந்துருக்கா?"

"ரெண்டு மூணு தரம். ஈரத் துண்ட மூஞ்சில கட்டிக்கினு முடுக்கிட்டேன். நம்ம ஆளுங்கள நெனச்சாத்தான் பயம். கடல்ல பழகினவங்க பாரு, காத்து எப்படி அடிக்குதோ அப்படியே ஓடுவாங்க. படகு அப்படித்தான ஓடும். கேஸும் கூடவே ஓடும். குறுக்கால ஓடணும்னு எத்தினி பேருக்குத் தெரியும்? நீங்க நாலு பேரும் உங்கம்மாவும் காத்துக்கு நேராத்தான் படுத்துக் கெடந்தீங்க."

"இத வூட்டுல சொல்லியே இல்லியே."

"சொன்னா உங்கம்மா தூங்குவாளா?" என்றார். பிறகு, "பனியப் பாரு" என்றார்.

புறப்பட்டுப் போன அப்பாவைத்தான் எனக்கு இத்தனை காலம் தெரியும். போய்ச் சேர்ந்த அப்பாவை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த முக்காலியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கூரை தெரிகிறது. சன்னலை அந்தப் பக்கமாக வைத்தது கட்டியவர்கள்தான், அவர் இல்லை. ஆனால் முக்காலியின் நான்கு கால்களும் சிமெண்ட் தரையில் பள்ளம் பண்ணியிருந்தன. அந்தப் பள்ளங்கள் மெஷினுக்கும் சன்னலுக்கும் நடுவே, இரண்டும் தெரிகிற கோணத்தில் இருந்தன.

பத்தரை மணிக்குச் செல்வகுமார் வீடியோவில் கூப்பிட்டான். போனைக் குழாய்க்குக் கீழே இருந்த பலகையில் சாய்த்து வைத்தேன். திரையில் சிவப்பு ஓடுதளம். பெண்கள் வரிசையாக நின்றார்கள். "அதோ, மஞ்ச பனியன்! மூணாவதா நிக்கிறா!" என்று கத்தினான். மூன்றே முக்கால் சுற்று. துப்பாக்கி வெடித்தது. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது.

முதல் சுற்று பார்த்தேன். வினோதா நடுவில் நிதானமாக ஓடினாள். அப்போது அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சத்தம் கொறைஞ்சிடுச்சி."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்ப்ரசர் அதே மாதிரிதான் இரைந்தது.

"தொட்டிக் கலக்கி நின்னுடுச்சிடா. டேய் புருஷோத்தமா! கலக்கி பெல்ட்டப் பாரு!"

உப்புத் தண்ணீரை ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒன்று உண்டு. அது நின்றால் தண்ணீர் அசையாது, குழாய்க்குச் சூடு வந்து சேராது. சூடு வராவிட்டால் திரவம் காற்றாகாது. நான் குழாயைப் பார்த்தேன். பனி நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவே நகர்ந்தது. ஈரமாக இருந்த இடம் வெளுத்தது, அதற்கு அடுத்த இடம் மங்கியது.

"நைனா, வருது!"

"எவ்ளோ?"

"கோட்டுக்கு ஒரு முழம்."

"ஃபெர்மே. கால் சுத்து."

திருப்பினேன். சக்கரம் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. போனில் கூட்டம் கத்தியது. "மாமா, ரெண்டாவது சுத்து! முன்னால வர்றா மாமா!" செல்வகுமார் கூட்டத்துக்கு மேல் கத்தினான். என் தலை தானாகத் திரும்பியது.

"போனப் பாக்காத. கொழாயப் பாரு."

பார்த்தேன். "முக்கா முழம்!"

"இன்னும் கால் சுத்து. ஃபெர்மே. மொரட்டுத்தனமா திருப்பாத, அதுக்கு வலிக்கும்."

அப்பா எழுந்து சூடான குழாய் அருகே போனார். புறங்கையை நீட்டினார். வழக்கத்தைவிடக் கிட்டே கொண்டுபோனார். "சூடு கொறையுது" என்றார். அந்தக் குழாய் கைவைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் உள்ளே திரவம் போகிறது என்று பொருள். நான் சிவப்பு பட்டனைப் பார்த்தேன். அதை அமுக்கினால் எல்லாம் பத்திரம். ஆனால் செல்வகுமாரைக் கூப்பிட்டாக வேண்டும். திரவம் ஏறிய மெஷினை மறுபடி எடுக்க அவன்தான் வர வேண்டும். அவன் இதோ, கடைசிச் சுற்றுக்கு முன்னால், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறான்.

"நிறுத்திடலாமா நைனா?"

"கோடு தொட்டுச்சா?"

"இல்ல. அர முழம்."

"தொட்டா அமுக்கு. என்னக் கேக்காத. தொடலன்னா வால்வப் பாரு. சக்‌ஷன் வால்வையும் கொஞ்சமா ஃபெர்மே. மெல்ல."

திரும்பி வரும் குழாயின் முனையில் இருப்பது சக்‌ஷன் வால்வு; என் இரண்டு கையும் இரண்டு சக்கரத்தில் இருந்தன. வெளியே புருஷோத்தமன், "பெல்ட்டு நழுவிடுச்சி, மாட்டறேன், மாட்டறேன்!" என்று கத்தினான். போனில் மணி அடித்தது, கடைசிச் சுற்று மணி. பனி வந்தது. அரைச் சாண் என்றேன். மெஷின் ஒருமுறை 'டொக்' என்றது, ஒரே ஒருமுறை. ஒரு கையை எடுத்துக் கட்டைவிரலைப் பட்டன் பக்கம் கொண்டுபோனேன்.

அப்பா கண்ணை மூடினார். "மாட்டிட்டான்" என்றார்.

தொட்டிப் பக்கம் தண்ணீர் புரளும் சத்தம் எனக்கு அப்புறம்தான் கேட்டது. பனி கோட்டுக்கு நாலு விரல் முன்னால் நின்றது. நின்றது என்று எனக்கே நம்பிக்கை வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அதன் விளிம்பு ஈரமாக மின்னியது. பின்வாங்குகிறது!

"போவுது நைனா! பின்னால போவுது!" நான் சின்னப் பையன் மாதிரிக் கத்தினேன். அறுபத்தேழு வயதில் இப்படிக் கத்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஹேமலதா ஆபீசிலிருந்து ஓடிவந்தவர் கதவிலேயே நின்றுவிட்டார். குழாயைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என் கட்டைவிரலைப் பார்த்தார், மூச்சை விட்டார்.

"உவேர், கொஞ்சம்" என்றார் அப்பா. "அவசரப்படாத."

அதற்குள் போனில் ஓட்டம் முடிந்திருந்தது. திரையில் வானமும் செல்வகுமாரின் காதும்தான் தெரிந்தன. அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று புரியவில்லை. "பாத்தீங்களா மாமா? பாத்தீங்களா?" என்றான்.

"பாக்கல" என்றேன். "நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"அது போதும்."

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் பைக் வந்து நின்றது. பின்னால் வினோதா, அதே மஞ்சள் பனியனோடு, செருப்பில்லாமல், ஷூவைக் கயிற்றால் தோளில் போட்டுக்கொண்டு. பதினாறு வயது. எங்கள் கம்பெனிக்குள் வரும் எல்லோரையும் போல அமோனியா நெடிக்கு மூக்கைச் சுருக்கினாள்.

"எத்தனாவது?" என்றார் அப்பா.

"நாலாவது தாத்தா. மெடல் இல்ல."

"மூணாவதுக்கும் இவளுக்கும் ஒரு அடி தாத்தா, ஒரே அடி!" என்றான் செல்வகுமார்.

"ஆனா" என்றாள் அந்தப் பெண், "எதிர்ப்பக்கம் வளைவுல ஓடறப்ப அவ்ளோ கூட்டத்துல அப்பா கத்தறது மட்டும் தனியாக் கேட்டுது. மெஷின் ரூம்ல பேசிப் பேசித் தொண்ட அப்படி ஆயிடுச்சி. வெக்கமா இருந்துச்சி தாத்தா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க." சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

செல்வகுமார் முக்காலியில் உட்கார்ந்தான். குழாயைப் பார்த்தான். சக்‌ஷன் வால்வை ஒரு மயிரிழை திறந்தான். அப்பா நடந்ததைச் சொன்னார். கலக்கி நின்றது, பனி வந்தது, ஒருதரம் டொக். மூன்று வரியில் முடித்துவிட்டார். முப்பது வருடமாக ஒவ்வொரு ஷிப்டு மாறும்போதும் இப்படித்தான் சொல்லியிருப்பார் போல. எங்களுக்குச் சொல்ல மூன்று வரிகூட மிச்சமிருந்ததில்லை.

எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. வலது உள்ளங்கை சிவந்து மரத்திருந்தது. வால்வுச் சக்கரத்தின் ஆரங்கள் அதில் பதிந்திருந்தன. இட்லி ஆறியிருக்கும், பிள்ளைகள் மத்தியானச் சோற்றுக்கே உட்கார்ந்திருப்பார்கள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா கிட்டே வந்தார். ஈரத் துண்டில் கையைத் துடைத்தார். பிறகு என் பிடரியில் புறங்கையை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.